'புத்ரா ஹைட்ஸ் ரயிலில் ஏறவும்' என்று எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தி, அழைப்பிதழின் அடியில் 'ரயிலில் வருவோர் கவனத்திற்கு' என்று இரண்டு வரி எழுதும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற ஆண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்காக என் பெரியம்மா ஈப்போவிலிருந்து பேருந்தில் வந்து, பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்தில் இறங்கினார். அழைப்பிதழில் இருந்த குறிப்பு இது: 'செந்தூல் தீமோர் செல்லும் எல்.ஆர்.டி.யில் ஏறி மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கவும். அங்கே புத்ரா ஹைட்ஸ் செல்லும் ரயிலுக்கு மாறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கவும்.' பெரியம்மா அதை அப்படியே செய்தார். மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கியவர், எதிர்ப்புற நடைமேடையில் 'புத்ரா ஹைட்ஸ்' என்ற பெயரைக் கண்டு, அங்கே போய், வந்த ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிளாசா ராக்யாட், ஹங் துவா, புடு என்று நிலையங்கள் கடந்தன. கேஎல் சென்ட்ரல் வரவேயில்லை. எட்டாவது நிலையத்தில் கதவு திறந்தபோது என்னைத் தொலைபேசியில் அழைத்தார்: "என்னடா ஐயா, பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்துட்டேனே!"

பெரியம்மாவின் மேல் பிழை இல்லை. அறிவிப்புப் பலகையும் பொய் சொல்லவில்லை. உங்கள் குறிப்பில்கூடத் தவறான சொல் ஒன்றும் இல்லை. (கொமுட்டர் ரயிலில் ஏறியிருந்தால் மாறாமலே வந்திருக்கலாம் என்பது வேறு விஷயம், குறிப்பில் எல்.ஆர்.டி. என்று இருந்ததால் அவர் அதையே நம்பினார்.) சிக்கல் என்னவென்றால், மஸ்ஜிட் ஜாமேக்கிலிருந்து இரண்டு வெவ்வேறு தடங்களில் இரண்டு ரயில்கள் புறப்படுகின்றன, இரண்டுமே புத்ரா ஹைட்ஸில்தான் போய் முடிகின்றன.

ரயில் எந்தத் திசையில் போகிறது என்பதை அதன் கடைசி நிலையத்தின் பெயரால் சொல்வதே நம் நகரத்து வழக்கம். அது நல்ல வழக்கமும்கூட. தரைக்கடியில் நிற்பவருக்கு வடக்கு தெற்கு தெரியாது. நடைமேடை எண்ணோ ஒரு நிலையத்தில் ஒன்றாகவும் அடுத்ததில் வேறாகவும் இருக்கலாம். கடைசி நிலையத்தின் பெயர் மட்டும் வழிநெடுக மாறாது. ஆனால் ஒரு பெயர் ஒரே தடத்துக்கு உரியதாக இருக்கும்வரைதான் இந்த முறை தனித்து நின்று வேலை செய்யும். 2016-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, கிளானா ஜெயா தடமும் ஸ்ரீ பெட்டாலிங் தடமும் நீட்டிக்கப்பட்டு புத்ரா ஹைட்ஸில் சந்தித்தன. ஒன்று பங்சார், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா வழியாகப் போய் அங்கே சேர்கிறது. மற்றொன்று புக்கிட் ஜாலில், பூச்சோங் வழியாகச் சுற்றிக்கொண்டு சேர்கிறது. மஸ்ஜிட் ஜாமேக்கில் முதலாவது தரைக்கடியில் ஓடுகிறது, இரண்டாவது மேலே பாலத்தில் ஓடுகிறது. பெரியம்மா படியிறங்கிக் கீழே போயிருக்க வேண்டும். அதை யாரும் அவருக்கு எழுதவில்லை.

பழைய குறிப்புகளை அப்படியே எடுத்து ஒட்டுவோர் வேறொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறார்கள். 'கிளானா ஜெயா செல்லும் ரயில்' என்று இன்றும் சில அழைப்பிதழ்களில் காண்கிறேன். நீட்டிப்புக்கு முன்னால் அது சரி. அப்போது கிளானா ஜெயாதான் கடைசி நிலையம். இன்று அது தடத்தின் பெயர் மட்டுமே. அந்தப் பெயருள்ள நிலையம் நடுவழியில் இருக்கிறது, கடைசி நிலையமாக நடைமேடைப் பலகையில் அதைத் தேடினால் கிடைக்காது. அதேபோல, காஜாங் எம்.ஆர்.டி. தடத்தின் மறுமுனையை 'சுங்கை பூலோ' என்று எழுதுவது 2022 வரைதான் பொருந்தும். இப்போது அந்த முனை குவாசா டாமன்சாரா.

அந்தக் குவாசா டாமன்சாராவும் இரட்டைப் பெயர்தான். காஜாங் தடம், புத்ராஜெயா தடம் இரண்டுக்கும் அதுவே ஒரு முனை. இரண்டும் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் நிலையத்தில் சந்திக்கின்றன. அங்கே 'குவாசா டாமன்சாரா' என்று மட்டும் தேடிக்கொண்டு நிற்பவர், புக்கிட் பிந்தாங் போக நினைத்துப் புத்ராஜெயா தடத்தில் ஏறினால், அடுத்த நிலையம் கொன்லே என்ற அறிவிப்பைக் கேட்டுத் திகைப்பார். கெப்போங் பாரு போக வேண்டியவர் காஜாங் தடத்தில் ஏறினாலோ, ஊரின் இன்னொரு பக்கத்துக்கே போய்விடுவார்.

ஆகவே நான் கேட்பது இது: கடைசி நிலையத்தின் பெயரை எழுதுங்கள், ஆனால் அதைத் தனியே விடாதீர்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்துக்குறியும் எண்ணும் உண்டு. வரைபடத்திலும் நிலையப் பலகையிலும் அவை இருக்கின்றன. எழுத்து தடத்தைச் சொல்லும், எண் திசையைச் சொல்லும். பெரியம்மாவின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பண்டார் தாசிக் செலாத்தான் SP15, மஸ்ஜிட் ஜாமேக் SP7. எண் குறைகிறது, ஆகவே அவர் தேட வேண்டியது SP1, அதாவது செந்தூல் தீமோர். மஸ்ஜிட் ஜாமேக்கில் எழுத்து மாறுகிறது. அதே நிலையத்துக்குக் கிளானா ஜெயா தடத்தில் KJ13 என்று பெயர், கேஎல் சென்ட்ரல் KJ15. எண் கூடுகிறது, ஆகவே அவர் தேட வேண்டியது KJ37, அதாவது புத்ரா ஹைட்ஸ். SP31 என்பதும் அதே புத்ரா ஹைட்ஸ்தான், ஆனால் அவருக்கு உரிய வழி அன்று. எழுத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்த மேல் நடைமேடையில் அவர் நின்றிருக்கவே மாட்டார்.

எழுத்துக்குறியாலும் தீராத இடம் ஒன்று உண்டு. செந்தூல் தீமோரிலிருந்து சான் சோ லின் வரை அம்பாங் தடமும் ஸ்ரீ பெட்டாலிங் தடமும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. எனவே மஸ்ஜிட் ஜாமேக்கின் மேல் நடைமேடை ஒன்றிலேயே அம்பாங் ரயிலும் வரும், புத்ரா ஹைட்ஸ் ரயிலும் வரும். அங்கே சரியான நடைமேடையில் நின்றால் மட்டும் போதாது. வந்து நிற்கும் ரயில் எது என்பதையும் பார்த்தே ஏற வேண்டும். மாறி ஏறிவிட்டால் பதற்றம் வேண்டாம்: சான் சோ லினுக்குள் தெரிந்துகொண்டால் அங்கே இறங்கி, அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கலாம். ஹங் துவா, புடு ஆகியவை இரண்டு தடங்களுக்கும் பொது என்பதால், அங்கே போகிறவருக்கு எது வந்தாலும் ஒன்றுதான்.

கடைசி நிலையத்தோடு அடுத்த நிலையத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. ஏறியவர் தவறைத் தெரிந்துகொள்ள எட்டு நிலையங்கள் தேவைப்படாது. கதவு மூடியதும் வரும் முதல் அறிவிப்பே போதும். பசார் செனி என்று கேட்க வேண்டிய இடத்தில் பிளாசா ராக்யாட் என்று கேட்டால், அங்கேயே இறங்கித் திரும்பலாம்.

நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு மாதிரியை எழுதித் தருகிறேன்: 'மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கி, கட்டணவாயிலை விட்டு வெளியேறாமல், கீழே உள்ள கிளானா ஜெயா தடத்துக்கு (KJ) மாறவும். புத்ரா ஹைட்ஸ் செல்லும் ரயிலில் ஏறவும். அடுத்த நிலையம் பசார் செனி. அதற்கடுத்து கேஎல் சென்ட்ரல்.' பழைய குறிப்பைவிட இரண்டு வரி கூடும். மேடையில் அமரவிருப்போர் பட்டியலில் அந்த இடத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

பெரியம்மா அன்று மறுபடியும் செந்தூல் தீமோர் ரயிலில் ஏறி, மஸ்ஜிட் ஜாமேக்கில் கீழே இறங்கி மாறி, மண்டபத்தை அடைந்தபோது நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

இப்படிக்கு,
அழைப்பிதழ்களைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரு பயணி
கோலாலம்பூர்