மார்க் கூடியும் ரேங்க் இறங்கியது ஏன்?

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். உங்கள் மகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில், "மார்க் கூடியிருக்கிறது, ரேங்க் ஏன் குறைந்தது?" என்று எழுதி அனுப்பியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அவளுடைய விடைத்தாள்களையும் வகுப்பின் மார்க் பதிவேட்டையும் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

காலாண்டில் அவள் 500-க்கு 362, ஒன்பதாம் ரேங்க். அரையாண்டில் 391, பதினான்காம் ரேங்க். 29 மார்க் ஏறியது உண்மையான ஏற்றம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ரேங்க் என்பது அவளுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

முதலில் அந்தப் பழைய ஒன்பதாம் ரேங்கைப் பாருங்கள். அப்போது எட்டாம் ரேங்க் 376, அவள் 362, பத்தாம் ரேங்க் 347. முன்னும் பின்னும் நல்ல இடைவெளி. அன்றைக்கு அவள் 14 மார்க் குறைவாக வாங்கியிருந்தாலும் அதே ஒன்பதுதான் வந்திருக்கும். இன்னொன்று, ஒரு பாடத்தில் தவறியவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும் நாங்கள் ரேங்க் போடுவதில்லை. காலாண்டில் 371 வாங்கிய ஒரு மாணவன் கணக்கில் தேர்ச்சி பெறவில்லை. அதனால் அவனுக்கு ரேங்க் இல்லை. அவன் தேறியிருந்தால் உங்கள் மகள் அப்போதே பத்தாவது. நன்றாகப் படிக்கும் இன்னொரு பிள்ளை காய்ச்சலால் ஒரு தேர்வு எழுதவில்லை. இந்த முறை இருவரும் எல்லாப் பாடத்திலும் தேறி, அவளுக்கு முன்னால் இருக்கிறார்கள். இந்த இரண்டு இடங்கள் அவள் இழந்தவை அல்ல. போன முறை கணக்கில் வராமல் இருந்தவை.

மீதி? நான்கு பேர் அவளை உண்மையாகவே தாண்டியிருக்கிறார்கள். காலாண்டில் முன்னால் இருந்த எட்டுப் பேரில் ஒருவரை அவள் தாண்டியிருக்கிறாள். ஆக மொத்தம் ஐந்து இடம் இறக்கம்.

இந்த முறை நடுவில் நெரிசல் அதிகம். பத்தாம் ரேங்க் 398, அப்புறம் 396, 394, 392, அடுத்தது உங்கள் மகளின் 391. ஐந்து பேர் ஏழு மார்க்குக்குள் இருக்கிறார்கள். அவள் இன்னும் எட்டு மார்க் வாங்கியிருந்தால் பத்தாம் ரேங்க். காலாண்டில் எட்டு மார்க்குக்கு ஓர் இடம்கூட நகர்ந்திருக்காது.

இத்தோடு நிறுத்தினால் உங்களைச் சமாதானப்படுத்த மட்டும் எழுதியதாகிவிடும். கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. வகுப்பின் சராசரி 318-லிருந்து 352-க்குப் போயிருக்கிறது, அதாவது 34 மார்க். உங்கள் மகள் ஏறியது 29. வினாத்தாள் எளிதாக இருந்ததில் எல்லோரும் ஏறினார்கள், அவள் கொஞ்சம் குறைவாக ஏறினாள். எங்கே என்று பார்த்தால், அறிவியலில் 13, சமூக அறிவியலில் 7 கூடியிருக்கிறது. மொழிப் பாடங்கள் இரண்டிலும் சேர்த்து 7. கணக்கில் மட்டும் 64-லிருந்து 66. அதே கணக்கில் வகுப்புச் சராசரி 55-லிருந்து 69 ஆகிவிட்டது. சராசரிக்கு ஒன்பது மார்க் மேலே இருந்தவள் இப்போது மூன்று மார்க் கீழே. ரேங்க் இறங்கியதற்குப் பெரிய காரணம் இதுதான்.

கணக்கு விடைத்தாளை முழுக்கப் புரட்டினேன். அவளுக்குத் தெரியாமல் போனதாகத் தோன்றவில்லை. காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றைச் சரியாகவே போட்டிருக்கிறாள். அதை அடித்துவிட்டு மறுபடி போட்டு, அதையும் அடித்து, மூன்றாவது முறையும் அதே விடையை எழுதியிருக்கிறாள். முக்கால் பக்கம் அதற்கே போயிருக்கிறது. கடைசி இரண்டு ஐந்து மார்க் கணக்குகளில் ஒன்றில் முதல் வரி மட்டும் இருக்கிறது, ஒரு மார்க் கிடைத்திருக்கிறது. மற்றதைத் தொடவே இல்லை. இந்த இரண்டில் மட்டும் போனது ஒன்பது மார்க். நான் மேலே சொன்ன எட்டு மார்க்கை நினைத்துப் பாருங்கள்.

ரேங்க் இறங்கியதற்காக அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்ட கணக்கை நம்பாமல் திரும்பத் திரும்ப அடிக்கிற பிள்ளைக்குப் பயம் கூடினால் அடித்தல்தான் கூடும். வீட்டில் வாரம் இரண்டு நாள், ஐந்து மார்க் கணக்கு நான்கைக் கொடுத்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து நாற்பது நிமிடத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு முறை போட்டதை அடிக்கக் கூடாது, சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நான்கும் முடிந்த பிறகு புள்ளி வைத்தவற்றைப் பார்க்கலாம். கணக்கு ஆசிரியையிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், வகுப்பில் அவரும் இதையே செய்ய வைப்பார்.

விடைத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வந்தால் அந்த முக்கால் பக்கத்தை நீங்களும் அவளும் சேர்ந்தே பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்