பார்த்தால், தண்ணீர் நிற்கிறது

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பியதை நேற்று இரவு இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் எதையும் திருத்தத் தோன்றவில்லை. 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, உப்புவெளியில் பத்து வயதுப் பையனாக நீ கண்டதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விறாந்தையில் போய் இருந்தேன். இரண்டாம் தரம்தான் பேனையை எடுத்தேன். "அக்கா, நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறேன். இப்படியே விடவா, இறந்தகாலத்துக்கு மாற்றவா?" என்று கடைசியில் கேட்டிருந்தாய். பதில் நீளும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். உன் வரிகளை எடுத்துப் போட நீ சம்மதித்ததற்கு நன்றி.

எனக்கு இடறிய பந்தி இது:

"நான் படலையடியில் நிற்கிறேன். அம்மம்மா கண்ணாடியை எடுக்கத் திரும்பவும் உள்ளே போகிறார். அந்த வீட்டுக்குள் அவரை நான் பார்ப்பது அதுதான் கடைசி. சுனாமியின் முதல் அலை வளவுக்குள் வருகிறது. பக்கத்து வீட்டு நாய் ஓடுகிறது. யாரோ கத்துகிறார்கள். நான் அழுகிறேன்."

மூன்றாவது வாக்கியத்தைப் பார். அதைச் சொல்வது யார்? படலையடியில் நிற்கிற பையனுக்கு அது கடைசித் தடவை என்று தெரிய வழியில்லை. அதைச் சொல்வது முப்பது வயது தாண்டிய நீ. அடுத்த வாக்கியமும் அப்படித்தான். அந்தக் காலையில் உங்கள் ஒழுங்கையில் ஒருவர் வாயிலும் 'சுனாமி' என்ற சொல் இருக்கவில்லை. "கடல் வருகுது, ஓடுங்கோ" என்றுதான் கத்தினார்கள் என்று நீயே கீழே எழுதியிருக்கிறாய். 'முதல் அலை' என்பதும் பையனுடைய சொல் இல்லை. இரண்டாவது வந்த பிறகுதான் முன்னது முதலாவது ஆகும். அவனுக்கு அது வெறும் தண்ணீர்.

காலம் என்று நாம் வினைமுற்றின் வாலை மட்டும் பார்க்கிறோம். உண்மையில் நீ தெரிவு செய்வது சொல்கிற ஆளை. 'நிற்கிறேன்' என்று தொடங்கினால் அந்தப் பத்து வயதுப் பையன் மட்டும்தான் பேசலாம். அவனுக்குத் தெரியாத ஒன்றும் பக்கத்தில் வரக்கூடாது. 'நின்றேன்' என்று தொடங்கினால் அவனும் நீயும் இரண்டு பேரும் பேசலாம். அவன் கண்டதைச் சொல்லிவிட்டு, அதன் பொருள் பிறகு என்னவாயிற்று என்று நீ சொல்லலாம். உனக்கு இரண்டும் வேண்டும் என்பது அந்த மூன்றாவது வாக்கியத்திலேயே தெரிகிறது. அதை நீ யோசித்துப் போடவில்லை, தானாக வந்து விழுந்திருக்கிறது. அப்படி வந்து விழுவதற்கு இடம் கொடுப்பது இறந்தகாலம்தான். எழுதிய பிறகு சோதித்துப் பார்க்க ஒரு வழி: 'கடைசி', 'அப்போது', 'அன்று', 'பிறகுதான் தெரிந்தது' போன்ற சொற்களைத் தேடு. நிகழ்காலப் பந்திக்குள் அவை கிடந்தால், பையனின் வாயால் நீ பேசிவிட்டாய் என்று அர்த்தம்.

இன்னொன்று. போன கிழமை தொலைபேசியில் நான் கேட்டது நினைவிருக்கும்: "இதில் உன் கண்ணால் கண்டது எது, அம்மா சொல்லித் தெரிந்தது எது?" நீ கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றைச் சொன்னாய். படலைக் கொழுக்கி கையில் குளிர்ந்தது. தண்ணீர் நீலமாக இல்லாமல் கறுப்பாக இருந்தது. அதன் மேல் உன் செருப்பு ஒன்று சுற்றிக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்து கடல் உள்ளே போனதும், மறுபடி வந்ததும், மாமா அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்ததும் மற்றவர்கள் சொல்லிச் சொல்லி உனக்குள் படமாகிப் போனவை. அதில் பிழை இல்லை, எங்கள் எல்லோருடைய சின்ன வயதும் பாதி அப்படித்தான். ஆனால் 'மாமா அம்மம்மாவைத் தூக்குகிறார்' என்று எழுதும்போது நீ கண்ணால் கண்ட சாட்சியாக நிற்கிறாய். 'மாமாதான் தூக்கிக்கொண்டு வந்தாராம்' என்று எழுதினால் அந்த 'ஆம்' ஒன்றே போதும், கேட்டறிந்தது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அந்த 'ஆம்' நிகழ்காலத்தில் ஒட்டாது. 'தூக்குகிறாராம்' என்றால் இந்த நிமிடம் யாரோ வந்து செய்தி சொல்வதுபோல் ஆகிவிடும்.

காதுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. உன் பந்தியை வாய்விட்டு வாசி: நிற்கிறேன், போகிறார், வருகிறது, ஓடுகிறது, கத்துகிறார்கள், அழுகிறேன். தமிழில் இறந்தகாலத்துக்குப் பல இடைநிலைகள். செய்தேன், கண்டேன், நின்றேன், ஓடினேன் என்று த், ட், ற், இன் மாறி மாறி வரும். நிகழ்காலத்துக்கு இன்று நம் கையில் இருப்பது கிறு, கின்று இரண்டும்தான். நன்னூல் மூன்றாவதாகச் சொல்கிற 'ஆநின்று' வழக்கொழிந்துவிட்டது. அதனால் நாலு வாக்கியம் தாண்டியதும் எல்லாம் ஒரே சத்தத்தில் முடிகின்றன, ஓட்டத்தைக் காட்ட வந்த நிகழ்காலமே ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. ஐந்து பக்கத்துக்கு இது தாங்காது. ஐந்து வரிக்குத் தாங்கும்.

அந்த ஐந்து வரியை எங்கே வைப்பது? இதற்கு உன் அம்மாவிடமே பாடம் இருக்கிறது. அவர் அந்தக் காலையைச் சொல்வதை நான் பல தரம் கேட்டிருக்கிறேன். "சத்தம் கேட்டுது, குசினியை விட்டு ஓடி வந்தன், கதவைத் துறந்து பாத்தா, தண்ணி நிக்குது." கேட்டுது, வந்தன் எல்லாம் இறந்தகாலம். 'பாத்தா' என்றதும் கதவு திறக்கிறது, அதற்கப்பால் நிகழ்காலம். நம் வீடுகளில் கதை சொல்கிற எல்லோரும் இதைச் செய்கிறார்கள். 'பார்த்தால்' என்ற அந்தச் சொல்லே காலத்தை மாற்றும் கீல். யாருக்கும் இடறாது.

உன் பந்தியை அந்த வழியில் எழுதிப் பார்த்தேன். உன் சொற்களை முடிந்தவரை விட்டுவைத்திருக்கிறேன்:

"அம்மம்மா கண்ணாடியை எடுக்கத் திரும்பவும் உள்ளே போனார். அந்த வீட்டுக்குள் நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. ஒழுங்கையில் யாரோ கத்தினார்கள். படலைக் கொழுக்கியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், வளவுக்குள் தண்ணீர் நிற்கிறது. கறுப்புத் தண்ணீர். கொழுக்கி கையில் குளிர்கிறது. என் செருப்பு ஒன்று சுற்றிச் சுற்றிப் போகிறது. மற்றதைக் காணவில்லை. அம்மம்மாவின் குரல் கேட்கவில்லை. நான் அழவில்லை என்று அம்மா பிறகு சொன்னார்."

நிகழ்காலத்துக்குள் விட்டது நீ சொன்ன அந்த மூன்றை மட்டும்தான். வெளியே வந்த இடத்தையும் கவனி. 'காணவில்லை', 'கேட்கவில்லை' இரண்டும் இறந்தகாலமா நிகழ்காலமா என்று உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'நேற்று அவர் வரவில்லை' என்றும் சொல்கிறோம், 'இன்னும் வரவில்லையே' என்று வாசலில் நின்றும் சொல்கிறோம். 'கறுப்புத் தண்ணீர்' என்ற, வினையே இல்லாத வாக்கியமும் அந்த வகைதான். இந்த இரண்டு வகையும் காலம் மாறும் இடத்தில் வைக்கத் தோதானவை. வாசகர் நிகழ்காலத்தில் நின்றபடி 'கேட்கவில்லை'யைப் படிப்பார், அடுத்த வரியில் இறந்தகாலத்தில் இருப்பார், எப்போது தாண்டினோம் என்று அவருக்கே தெரியாது. நீ 'அழுகிறேன்' என்று எழுதியதை மாற்றியதற்குக் காரணம் உன் அம்மா. அவரிடம் நீயே ஒருதரம் கேள். அழுதது உனக்கு நிச்சயம் என்றால் திருப்பிப் போட்டுக்கொள்.

அம்மம்மாவின் கண்ணாடி பற்றிய பந்தியை நீ இரண்டு காலத்திலும் எழுதி, இரண்டும் சரிவரவில்லை என்று வெட்டியிருந்தாய். சரிவராதுதான், ஏனென்றால் அது ஒருநாள் நடந்ததில்லை, நாளாந்தம் நடந்தது. நான் சின்ன வயதில் கிண்ணியாவுக்குப் போன கதையை எழுதியபோது இதே இடத்தில் மாட்டிக்கொண்டேன். அப்போது பாலம் இல்லை, அது 2009இல்தான் வந்தது. பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்கவேண்டும். 'பாதை கரையில் முட்டுவதற்கு முன்பே அப்பா சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார்' என்று எழுதினால் ஒரே ஒருநாள் பிடித்ததுபோல் இருந்தது. 'பிடிப்பார்' என்று மாற்றியதும் எத்தனையோ பயணம் அதற்குள் வந்துவிட்டது. உருவம் எதிர்காலம், பொருள் பழைய வழக்கம். காலம் இப்படி மாறி வருவதை நன்னூல் காலமயக்கம் என்று ஏற்றுக்கொள்கிறது, 'இயல்பினும்' என்று அதற்கு ஒரு காரணமும் சொல்கிறது. ஆகவே நீ பயப்படாமல் எழுது: 'கண்ணாடியை அம்மம்மா தையல் மெஷினுக்கு மேலேதான் வைப்பார். வைத்த இடத்தை மறந்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார்.' இந்தப் பந்தி தண்ணீருக்கு முன்னால் வரவேண்டும். அப்போதுதான் 'வைப்பார், தேடுவார்' என்று போய்க்கொண்டிருந்தது 'உள்ளே போனார்' என்று ஒற்றை நாளில் வந்து முட்டும்.

கடைசிப் பந்திக்காகவும் நான் இறந்தகாலத்தையே கேட்கிறேன். அங்கே நீ போன மாதம் அந்தக் காணிக்குப் போனதை எழுதியிருக்கிறாய். "கிணறு இருக்கிறது. உப்புத் தண்ணீர் புகுந்த கிணறு, ஒருவரும் குடிப்பதில்லை." இதுதான் கட்டுரையில் உண்மையான நிகழ்காலம். ஆனால் அதற்கு முன் ஐந்து பக்கமும் 'இருக்கிறது, இருக்கிறது' என்றே போனதால், நான் முதல் தரம் படித்தபோது 2004இன் கிணறு என்றே நினைத்தேன். 'இப்போது' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலும் போதாது, ஏனென்றால் பையனும் மேலே 'இப்போது' என்று சொல்லியிருக்கிறான். மேலே எல்லாம் 'இருந்தது' என்று போகட்டும், வளவுத் தண்ணீர் அந்த ஐந்து வரிக்கு மட்டும் நிற்கட்டும். பிறகு நீ காணிக்குள் நடந்து போய், 'கிணறு இருக்கிறது' என்று எழுது. வேறு எதையும் அந்த வரியில் தொடாதே.

திருத்தியதும் அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அக்கா