செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஃபிராங்ஃபர்ட் தமிழ் வகுப்புக் கட்டணம் பற்றி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நங்கநல்லூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. கண் பரிசோதனை முகாம் நடந்தது. சந்தா வசூல் வழக்கம்போல மார்ச் கடைசியில்தான் முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். ஃபிராங்ஃபர்ட்டில் நம் பிள்ளைகள் சிலர் சேர்ந்து சனிக்கிழமைகளில் நடத்தும் தமிழ் வகுப்புக்கு நம் சங்கம் புத்தகம் அச்சிட்டுத் தர உதவுகிறது. அதன் கட்டணம் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்வி வந்தது. "பெற்றவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள், அப்புறம் எதற்கு நூறு யூரோ?" என்று கேட்டவர்கள் பலர்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, உண்மைதான். பணம் போவது கூடத்துக்கு. ஒரு தேவாலயத்தின் சமூகக்கூடத்தை மணிக்கு 25 யூரோவுக்கு எடுத்திருக்கிறார்கள். வகுப்பு இரண்டு மணி நேரம் என்றாலும், நாற்காலி போட்டு எடுத்து, கூட்டித் துடைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்க அரை மணி ஆகிறது. அதற்கும் வாடகை உண்டு. பள்ளி விடுமுறையில் வகுப்பு இல்லை, கோடையில் மட்டுமே அது ஆறு வாரம். கூடத்தில் வேறு நிகழ்ச்சி இருக்கும் வாரங்களையும் கழித்தால் ஆண்டுக்கு 32 வகுப்புகள். ஆக வாடகை 2,000 யூரோ. புத்தகம், பயிற்சி ஏடு, நகல் எடுப்பது எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு 20 யூரோ.

படிப்பவர்கள் 20 குடும்பங்களைச் சேர்ந்த 25 பிள்ளைகள். செலவு 2,500. தலைக்கு 100 யூரோ என்று வைத்தார்கள், கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிறகு, இரண்டாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்று சலுகை கொடுத்தார்கள். ஐந்து குடும்பங்களில் இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு 50 குறைந்ததில் 250 யூரோ துண்டு விழுந்தது. செப்டம்பரில் கட்டணத்தில் பாதி முதல் தவணையாக வந்தபோது இது தெரியவில்லை. கையில் பணம் இருந்தது. பிப்ரவரியில் இரண்டாம் தவணை வாங்கும்போதுதான், மூன்று குடும்பங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் வரவில்லை என்பதும் சேர்ந்து, குறை வெளியே வந்தது. கூடத்தின் வாடகையை ஒருங்கிணைப்பாளர் தன் கையிலிருந்து போட்டுக் கட்டினார்.

பிள்ளை குறைந்தால் புத்தகச் செலவு குறையும், வாடகை ஒரு காசுகூடக் குறையாது. இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்து தலைக்கு இவ்வளவு என்று வைத்ததுதான் கோளாறு. நம் பொருளாளர் வங்கியில் இருந்தவர். தொலைபேசியில் பேசி இப்படிப் பிரித்துக் கொடுத்தார்: வாடகைப் பங்கு குடும்பத்துக்கு 110 யூரோ, பாடப்பொருள் பிள்ளைக்கு 20. ஒரு பிள்ளை என்றால் 130, இரண்டு என்றால் 150. வாடகைக்கு மட்டும் 2,200 வரும். இரண்டாம் தவணையில் மூன்று குடும்பங்கள் நின்றாலும் 165தான் குறையும், 2,035 மிஞ்சும், வாடகை கட்டிவிடலாம். நான்கு குடும்பங்கள் நின்றால் சிறு துண்டு விழும். அதற்குமேல் போனால் கூடத்தை மாற்றத்தான் வேண்டும்.

ஒற்றைப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு 30 யூரோ கூடுகிறது, முணுமுணுப்பு இருக்கிறது. நியாயம்தான். ஆனால் இரண்டு பிள்ளைகள் வந்தாலும் ஒன்று வந்தாலும் கூடத்துக்கு ஒரே வாடகைதான் என்ற பதிலுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

நம் பக்கத்துப் பங்கு புத்தகம். பாடங்களைத் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் அச்சிடுகிறோம். பார்சலாக அனுப்பினால் ஜெர்மனியில் 7 சதவீத வரி, அதை வசூலித்துக் கட்ட கூரியர் கட்டணம் வேறு. அதனால் பார்க்கப் போகும் தாத்தா பாட்டி பெட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. ஸ்பைரல் கட்டு பெட்டியில் நசுங்குகிறது என்பதால் இந்த ஆண்டு ஒட்டுக் கட்டு. ஊறுகாய்க்கும் புத்தகத்துக்கும் எடைச் சண்டை வரும் வீடுகளில் செயலாளர் தலையிட மாட்டார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "நன்கொடையாகச் சங்கக் கணக்குக்கே அனுப்பிவிடட்டுமா?" என்று சிலர் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டாம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் கீழ் நமக்குப் பதிவு இல்லை. இந்தியக் குடிமக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்குத் தடை இல்லை என்றாலும், ஜெர்மன் குடியுரிமை வாங்கியவர் நன்கொடை அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணமாகிவிடும். யார் எந்தக் குடியுரிமை என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அச்சுக்கூலியை இங்குள்ள பெற்றோர் அச்சகத்தில் நேராகக் கட்டி, ரசீதைத் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பும் முறையே தொடரும்.

அடுத்த ஆண்டுப் புத்தகப் பிரதிகளின் எண்ணிக்கையை ஜூன் மாதக் கூட்டத்துக்கு முன் பொருளாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

செயலாளர்