தரையில் ஓடும் ஒயரையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதன்பின் ஊர்த் திருவிழா என்றாலே எல்லோரும் தலைக்கு மேலே போகும் கம்பியைப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஜெனரேட்டரிலிருந்து பந்தலுக்கும் சமையல் கொட்டகைக்கும் தரையோடு ஓடும் ஒயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நெல்லைப் பக்கத்தில் கொடை என்று சொல்லும் கோயில் திருவிழாக்களுக்குப் பந்தல் ஒயரிங் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

விழாக் கமிட்டியார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் வேணும்?" நடுத்தரக் கொடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீரியல் செட், ஃபோகஸ் விளக்குகள் 6 கிலோவாட், ஃபேன்கள் 4, மைக் செட் 5, சமையலுக்கு கிரைண்டர், மிக்சி, தண்ணி மோட்டார் எல்லாம் சேர்த்து 5. மொத்தம் 20 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.8 என்று வகுத்தால் 25 கே.வி.ஏ. வருகிறது. உடனே 25 கே.வி.ஏ. வண்டியைப் பிடித்துவிடுகிறார்கள்.

அந்த வண்டியில் ஒரு பேஸுக்குக் கிடைப்பது சுமார் 35 ஆம்பியர்தான். ஒன்றரை குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் கிரைண்டர் ஓடும்போது எட்டு, ஒன்பது ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகிற நொடியில் 40க்கு மேல் இழுக்கும். அந்த நொடியில் பந்தல் முழுக்க விளக்கு மங்கும், மிக்சர் கன்சோல் ஆஃப் ஆகி வரும். இந்தக் கொடைக்கு 40 கே.வி.ஏ. சரியான அளவு, பேஸுக்கு 55 ஆம்பியர் இருக்கும். பயந்துபோய் 125 எடுப்பதும் வேண்டாம். மிகக் குறைந்த லோடில் இரவெல்லாம் ஓடும் டீசல் இன்ஜினில் எண்ணெய் முழுதாக எரியாமல் சைலன்சரில் கறுப்பாக வடியும்.

லோடை மூன்று பேஸிலும் பிரித்துப் போடுவது அடுத்த வேலை. விளக்குக்கு ஒன்று, மைக் செட்டோடு பாதி ஃபேனுக்கு ஒன்று, சமையலோடு மீதி ஃபேனுக்கு ஒன்று என்றால் 6, 7, 7 என்று சமமாக நிற்கும்.

இனி நியூட்ரல். மூன்று பேஸுக்கும் பொதுவான அந்த ஒரு ஒயர் கழன்றால், இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள 400 வோல்ட்டை இரு பக்கத்து லோடும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைந்த பக்கத்துக்குத்தான் வோல்டேஜ் ஏறும். பக்கத்து ஊர்க் கொடை ஒன்றில் சமையல் கொட்டகையில் கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வில்லுப்பாட்டு முடிந்து மைக் செட் சும்மா இருந்தது. நியூட்ரல் ஒயரின் முனையிலுள்ள லக் சரியாக முறுக்கப்படாமல் சூடேறி விட்டுப்போனது. இரண்டு ஆம்ப்ளிஃபயரும் ஒரு வரிசை எல்இடி விளக்கும் புகைந்தன. இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். எல்லா விளக்கும் சேர்ந்து மங்கினால் லோடு அதிகம். ஒரு பக்கம் மங்கி இன்னொரு பக்கம் பளீரென்று எரிந்தால் நியூட்ரல் போகிறது; யாரையும் கேட்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். பேஸ் ஒயரைவிட மெல்லிய நியூட்ரல் போடவே கூடாது. எல்இடி டிரைவர்கள் அதிகமானால், பேஸ்கள் சமமாக இருந்தாலும் நியூட்ரலில் மின்சாரம் சேர்ந்து சூடேறும்.

எனக்கு அதிக பயம் சமையல் கொட்டகைதான். ஈரத் தரை, வெறுங்கால், எவர்சில்வர் கிரைண்டர். மூன்று பின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஒயரைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குவதை இன்றும் பார்க்கிறேன். அங்கே மூன்று கோர் கேபிளும், மின்கசிவு வந்தால் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபியும் கட்டாயம். ஆனால் ஈஎல்சிபி மட்டும் இருந்தால் போதாது. ஜெனரேட்டரின் நியூட்ரலைத் தரையில் அடித்த எர்த் ராடோடு இணைக்காவிட்டால், கசியும் மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் அந்தக் கசிவு தெரியாமலே கிடக்கும். பிறகு வேறொரு இடத்தில் இன்னொரு ஒயர் உரிந்து ஈர மண்ணைத் தொடும்போது, கிரைண்டரில் கைவைத்தவர் வழியாகச் சுற்று முடியும். இரண்டும் ஒரே ஈஎல்சிபிக்குக் கீழே இருந்தால் அது ட்ரிப்பே ஆகாது.

டெஸ்ட் பட்டனை அழுத்தி, ஈஎல்சிபி ட்ரிப் ஆனதும் "அடிக்குதுல்ல" என்று திருப்திப்படுகிறார்கள். அந்தப் பட்டன் கருவியை மட்டுமே சோதிக்கும். எர்த் இல்லாவிட்டாலும் அடிக்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேன் சமையல் போர்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்க வேண்டும். ஈஎல்சிபி உடனே அடித்தால் எர்த் பாதை இருக்கிறது. விளக்கும் எரியாமல் ஈஎல்சிபியும் அடிக்காமல் இருந்தால் அடுப்பு பற்றவைக்க விடாதீர்கள்.

கமிட்டியார் வாடகை பேசும்போது கே.வி.ஏ.வோடு சேர்த்து எர்த் ராடு, ஈஎல்சிபி போர்டு, மூன்று கோர் கேபிள் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் சமையல்காரர் வருவதற்கு முன்னே அந்த டெஸ்ட் லேம்ப் சோதனையை நேரில் நின்று பார்க்க வேண்டும்.

– பந்தல் மின்பணி செய்யும் வாசகர், திருநெல்வேலி மாவட்டம்