தடுப்புச் சுவருக்கு எஸ்டிமேட் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்ட உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு வணக்கம்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் சாலையோரத் தடுப்புச் சுவர்களுக்கு மேலே மண் சமமாகவா இருக்கிறது? ரப்பர் தோட்டச் சரிவு அப்படியே ஏறிப் போகிறது, அதன்மேல் வீடும் வந்துவிடுகிறது. நான் பார்த்த கணக்குத் தாள்களிலோ மேல்பரப்பு சமதளம், பாரம் எதுவும் இல்லை.

ஒரு சுவரைப் போட்டுப் பார்ப்போம். உயரம் 4 மீட்டர், முதுகு செங்குத்து. மண் கன மீட்டருக்கு 18 கிலோ நியூட்டன், அதன் உராய்வுக் கோணம் 30°, சுவரோடு உராய்வு 20°. மேலே 15° சரிவு, அதன்மேல் சதுர மீட்டருக்கு 10 கிலோ நியூட்டன் பாரம்.

சுவரின் முதுகு அடியிலிருந்து சரிவுவரை ஒரு நேர்கோடு இழுங்கள். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே அகப்படும் மண்தான் ஆப்பு. அதன் எடையும் மேற்பாரமும் நேர் கீழே இறங்கும். கோட்டுக்கு அடியிலுள்ள மண், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசையிலிருந்து 30° சாய்ந்து தாங்கும், சுவர் கிடைத்திசையிலிருந்து 20° சாய்ந்து தாங்கும். மூன்று திசையும் ஓர் அளவும் தெரிந்ததால் விசை முக்கோணம் மூடிவிடும். அப்புறம் கோட்டின் சாய்வை மாற்றி மாற்றிப் போட வேண்டும். 45°-ல் மீட்டர் நீளத்துக்கு 65 கிலோ நியூட்டன் தள்ளுவிசை, 51°-ல் 68, 60°-ல் 64. ஆக, மிகப் பெரியதான 68-தான் கணக்கு. இதே சுவருக்குப் பின்னால் சமதளமும் வெறும் மண்ணும் இருந்தால் 43 மட்டுமே. சரிவு அதை 53 ஆக்குகிறது, மீதி 15 மேற்பாரம் தந்தது.

இன்னொன்றும் உண்டு. மண்ணின் பங்கு அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தள்ளும், மேற்பாரத்தின் பங்கு பாதி உயரத்தில் தள்ளும். அதனால் கவிழ்க்கும் திருப்புத்திறன் 54-லிருந்து 95 கிலோ நியூட்டன் மீட்டராகிறது. சுவர் இங்கேயும் தோற்கலாம்.

சுவர் உராய்வைத் தாராளமாக எடுக்காதீர்கள். அடிமண் இளகி, சுவரும் மண்ணோடு சேர்ந்து இறங்கினால் அந்த உராய்வு கிடைக்காது. அப்போது தள்ளுவிசை 74 ஆகும், முழுவதும் கிடையாக. உராய்வு இருந்தபோது கிடைப்பகுதி 64-தான்.

இதில் தண்ணீர் சேரவில்லை. நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும். நீர் வடியும் துளைகள் அடைத்துப் பின்னால் தண்ணீர் முழு உயரத்துக்கு நின்றால், தண்ணீர் மட்டுமே 78 கிலோ நியூட்டன் தள்ளும்.

களத்தில் பார்க்க ஓர் அடையாளம்: இந்த ஆப்பு சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி மேலே வெளிவருகிறது. அந்தத் தூரத்தையொட்டிச் சுவருக்கு இணையாக மண்ணில் விரிசல் கண்டால், மேலே உள்ள வீட்டாரை உடனே விலக்கிவையுங்கள்.

ஒவ்வொரு எஸ்டிமேட்டோடும் சரிவின் கோணத்தை அளந்து, மேற்பாரத்தைக் குறித்து, குறைந்தது ஐந்து கோட்டுக்கான ஆப்புக் கணக்கை இணையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே சுவர்க் கணக்குப் போடும் ஒரு பொறியாளர்