வரிப் பணம் எங்கே நிற்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள்: ஜிஎஸ்டி வசூலிக்கும் வங்கிகளின் குறைதீர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் ஈரோட்டில் சிறிய அளவில் நூல் வியாபாரம் செய்பவன். மூன்று மாதங்களுக்கு முன், 19ஆம் தேதி மாலை, ஜிஎஸ்டி தளத்தில் 38,460 ரூபாய்க்குச் சலான் உருவாக்கி, நெட் பேங்கிங் வழியாகச் செலுத்தினேன். சில நொடிகளில் கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. தளத்திலோ அந்தச் சலானின் நிலை INITIATED என்றே நின்றது. மின்னணு ரொக்கப் பேரேட்டில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. மறுநாள் 20ஆம் தேதி, 3பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள்.

காலையில் கிளைக்குச் சென்றபோது, "எங்கள் பக்கம் பணம் போய்விட்டது, நீங்கள் ஜிஎஸ்டி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்" என்றார்கள். இந்தப் பதிலைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். பணம் என் கணக்கிலிருந்து கழிந்ததும் அரசின் கணக்கில் சேர்ந்ததும் ஒன்றல்ல. சலான் உருவாகும்போது தளம் தருவது CPIN என்னும் 14 இலக்க எண். பணம் அரசின் கணக்கில் சேர்ந்ததற்கு அடையாளமாக வங்கி உருவாக்குவது CIN. அதே 14 இலக்கங்களோடு வங்கிக்குரிய குறியீடும் சேர்ந்து 17 இடங்கள் கொண்டது. அந்த எண்ணை வங்கி தளத்துக்கு அனுப்பினால்தான் பேரேட்டில் தொகை ஏறும். ஆகவே பணம் கழிந்தும் வரவு தெரியவில்லை என்றால், CIN உருவாகவே இல்லையா, உருவாகியும் தளத்துக்குப் போய்ச் சேரவில்லையா என்பதே முதல் கேள்வி. முதலாவது என்றால் பணம் வங்கியிடமே நிற்கிறது. ஒன்று அதை அரசின் கணக்கில் சேர்க்க வேண்டும், அல்லது என் கணக்குக்குத் திருப்ப வேண்டும். இரண்டாவது என்றால் தகவலை மீண்டும் அனுப்பினால் போதும். எது நேர்ந்தது என்பதை வங்கியின் பதிவேடு மட்டுமே சொல்லும். வரி அலுவலரிடம் அனுப்பி வைப்பது எனக்கு எந்த வழியையும் காட்டவில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 87(8) இந்த இரு நிலைகளையும் குறிப்பிட்டு, GST PMT-07 படிவத்தின் மூலம் பணம் செலுத்திய வங்கியிடமே முறையிடலாம் என்கிறது. நான் 24 மணி நேரம் காத்திருந்து அந்தப் படிவத்தைப் பதிவு செய்தேன். ஆனால் தாக்கல் காத்திருக்காது. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியாக ஏறத்தாழ 19 ரூபாயும் சேரும். தொகை சிறியதுதான்; எத்தனை நாள் நீளும் என்பதுதான் தெரியவில்லை. எனவே 20ஆம் தேதி மாலை, கைமாற்று வாங்கி, வேறொரு வங்கி வழியாகப் புதிய சலானில் அதே தொகையைக் கட்டித் தாக்கலை முடித்தேன். முதல் தொகை பின்னர் வரவானாலும் பேரேட்டிலேயே இருக்கும், அடுத்த மாத வரிக்கு உதவும் என்று தெரிந்ததால்தான் அந்தத் துணிவு வந்தது. அந்த ஒரு மாதச் சுமை மட்டும் எளிதாக இருக்கவில்லை.

பிறகு வங்கிக்கு எழுதிய கடிதத்தில் குறை சொல்வதை விட்டு, விவரங்களை மட்டும் வைத்தேன்: பணம் கழிந்த தேதி, நேரம், தொகை, வங்கிப் பரிவர்த்தனை எண், CPIN, ஜிஎஸ்டி பதிவு எண், முறையீட்டின் எண். பணம் கழிந்த பதிவு தெரியும் கணக்கு அறிக்கைப் பக்கத்தையும், தளத்தில் சலானின் நிலை காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து, மேற்சொன்ன கேள்வியையும், CIN உருவாகியிருந்தால் அதன் எண்ணும் தேதியும் என்ன என்பதையும் கேட்டேன். ஒன்பதாம் நாள், கிளையிலிருந்து அல்ல, வங்கியின் மையப் பிரிவிலிருந்து பதில் வந்தது. CIN 19ஆம் தேதியே உருவாகியிருந்தது, தகவல்தான் போகவில்லை. மறுபடி அனுப்பியதும் பேரேட்டில் 19ஆம் தேதியிட்டே தொகை ஏறியது.

அந்தத் தேதி முக்கியமானது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி, பணம் அரசின் கணக்கில் வரவான நாளே பேரேட்டில் செலுத்திய நாள். என் கணக்கில் கழிந்த நாள் அல்ல. இடையில் பணம் வங்கியிடம் தங்கினால், அதன் விலையைக் கொடுப்பவர் வியாபாரி.

எனவே தங்களிடம் கேட்பது இதுதான். கிளையில் இத்தகைய முறையீடு வந்தால், CPIN எண்ணைப் பெற்று மையப் பிரிவுக்கு அன்றே அனுப்புங்கள். CIN உண்டா இல்லையா, உண்டென்றால் எந்தத் தேதியில் என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். முப்பது நாள்களுக்குள் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் செல்லலாம் என்று எங்களுக்குத் தெரியும். கிளையில் ஒரே நாளில் கிடைக்கக்கூடிய பதிலுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டு நூல் வியாபாரி ஒருவர்