ரூம் ஹீட்டரும் உங்கள் கேள்வி-பதில் பக்கமும்: புகார்

அனுப்புநர்: இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துபவர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.
பெறுநர்: குறைதீர்க்கும் அலுவலர், இணைய மின்சாதனக் கடை.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய 2000 வாட் ரூம் ஹீட்டர் பற்றி இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை.

வாங்குவதற்கு முன்பே ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. இதன் பிளக் பெரியதா, சின்னதா? உங்கள் பக்கத்தில் இதே கேள்வியை எனக்கு முன் யாரோ கேட்டிருந்தார்கள். "இது உயர்தர பிளக்குடன் வருகிறது. மேலும் விவரங்களுக்கு வாடிக்கையாளர் சேவையை அழைக்கவும்" என்று பதில் போட்டிருந்தீர்கள். சரி என்று அழைத்தேன். "எல்லா விவரமும் பக்கத்துல இருக்கு, பாத்துக்கங்க சார்" என்றார்கள். பக்கம் போனைக் காட்டுகிறது, போன் பக்கத்தைக் காட்டுகிறது. நடுவில் நான் எங்கே போய்க் கேட்பது? பெட்டி உங்கள் கிடங்கில்தானே இருந்தது, ஒருவர் திறந்து பார்த்துச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

வந்தது பெரிய பிளக். என் அறைகளில் இருப்பதோ சின்ன பாயிண்ட். அப்போது பேசிய உங்கள் ஊழியரை என்னால் மறக்கவே முடியாது. "படிச்சவர் மாதிரி பேசுறீங்க, பிளக் பார்த்து வாங்கத் தெரியாதா? ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கிப் போடுங்க" என்றார். போட்டேன், என் தப்பு. அரை மணி நேரத்தில் சுவிட்ச் போர்டு பழுப்பாகி, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் அறை முழுக்க வந்தது. விருந்தினர் குழந்தையோடு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். உறைபனி விழும் ஜனவரி இரவு! அவர்கள் அன்றே கிளம்பிவிட்டார்கள். என் சீசனே அத்தோடு போயிற்று.

2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வரும். சின்ன பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். இந்தக் கணக்கு எங்கள் எலக்ட்ரீஷியனுக்குத் தெரிகிறது, ஹீட்டர் விற்கும் உங்களுக்குத் தெரியாதா? கன்வர்ஷன் பிளக் மாட்டினால் ஓட்டைதான் பொருந்தும், உள்ளே போகும் ஒயர் தடிமனாகாது.

கேள்விக்குப் பதில் எழுதும் இந்த வேலை எனக்கும் தெரியும் என்பதால்தான் இவ்வளவு கோபம். என் ஹோம்ஸ்டேவுக்கும் முன்பு நாள் முழுக்க போன் வரும். ஒரு நோட்டு வைத்து, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே குறித்துக்கொண்டே வந்தேன். திரும்பத் திரும்ப வந்தது, "கார் வாசல் வரைக்கும் வருமா?" என்பதுதான். முதலில் "நல்ல சாலை வசதி உண்டு" என்று எழுதினேன், போன் குறையவில்லை. அப்புறம், "வரும். ஆனால் கடைசி வளைவு செங்குத்து, மழையில் சின்ன கார் திணறும், அப்போது மேலேயே நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும்" என்று மாற்றினேன். அந்தக் கேள்வி அத்தோடு நின்றது. சிலர் வராமலும் போனார்கள். வந்துவிட்டுத் திட்டுவதைவிட அது மேல்.

உங்கள் பதிலையும் நானே எழுதித் தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "பெரிய பிளக், 16 ஆம்பியர். கீசருக்கு இருப்பது போன்ற பாயிண்ட் வேண்டும். மொபைல் சார்ஜர் மாட்டும் சின்ன பாயிண்டில் பொருந்தாது. கன்வர்ஷன் பிளக் போடாதீர்கள்." பக்கத்தில் அந்தப் பிளக்கின் படம் ஒன்று. போன் எடுப்பவர் கையிலும் இதே பதில் இருக்கட்டும். மாடல் மாறும் நாளில் பதிலையும் யாராவது திறந்து பார்க்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. "லோ வோல்டேஜில் வேலை செய்யுமா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று ஒரே சொல்லில் பதில். எங்கள் வீட்டில் மாலையில் 180 வோல்ட்தான் வரும். அதில் 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 1200 வாட்தான் தரும். வேலை செய்யும், அறை சூடாகாது. "ஆம்" என்பது பொய்யில்லை, ஆனால் அதை நம்பி வாங்கியவர் மறுநாள் போன் செய்யாமல் இருப்பாரா?

மேட்டுப்பாளையம் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். ரிட்டர்ன் கொடுக்க கூரியர் ஆபீஸுக்கு வரச் சொன்னீர்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலைப் பஸ்ஸில் 30 கிலோமீட்டருக்கு மேல் இறங்கினேன். "ஆர்டரே வரலையே சார்" என்றார் அங்கிருந்தவர். அதே பெட்டியோடு திரும்பி ஏறினேன்.

தயவுசெய்து ஹீட்டரின் முழுத் தொகையையும், போர்டு மாற்றிய 850 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள். 2020 இணைய வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், ஊட்டியில் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். எனக்கும் அலைய ஆசையில்லை.

பெட்டி கட்டியபடியே வாசலில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், இனி நான் மலை இறங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்